விவாகரத்துக்குப் பின் தந்தையின் பெயருக்குத் திரும்புதல்: பத்திரிகை அறிவித்தல் மட்டும் போதுமா?

கடற்கரைத்தெரு (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். என் உண்மைப் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. பேச்சுக்காக என் பெயர் கமலினி என்றும், அப்பாவின் பெயர் சிவலிங்கம் என்றும், கணவராக இருந்தவரின் பெயர் ராகவன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தேன். பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான கூட்டில் "கமலினி" என்று மட்டுமே இருக்கிறது. அப்பாவின் பெயர் அவருக்குரிய கூட்டில் தனியாக இருக்கிறது. பாடசாலையில் படிக்கும்போது அதிபர் ஊடாக எடுத்த முதல் அடையாள அட்டையில் "சிவலிங்கம் கமலினி" என்று இருந்தது. 2009இல் திருமணம் முடிந்த பின்னர் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி எல்லாவற்றையும் "ராகவன் கமலினி" என்று மாற்றினேன். அப்போது விவாகச் சான்றிதழ் ஒன்றே போதுமாக இருந்தது.

இப்போது கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் என் விவாகரத்து வழக்கு முடிந்து, மார்ச் மாதத்தில் தீர்ப்பாணை கிடைத்தது. பத்திரிகையில் பகிரங்க அறிவித்தல் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, ஏப்ரலில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அறிவித்தலும் போட்டேன். அந்தப் பத்திரிகைத் துண்டையும் தீர்ப்பாணையின் பிரதியையும் எடுத்துக்கொண்டு பெயரை மாற்ற அலுவலகத்துக்குப் போனபோது, தீர்ப்பாணை இன்னும் முடிவானதல்ல என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் எந்த இடத்தில் பிழை விட்டேன், இனி எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனைவாசி

தங்கச்சி, பத்திரிகை அறிவித்தலுக்கு மதிப்பே இல்லை. அரச வர்த்தமானியில் வெளியிட்டால்தான் பெயர் மாற்றம் செல்லும். என் மைத்துனி சென்னையில் இருக்கிறார். அவர் அப்படித்தான் மாற்றினார். அதற்கு முன் பிறப்புச் சான்றிதழையும் திருத்த வேண்டும். மூலப் பத்திரம் திருந்தாமல் மற்றவை எப்படித் திருந்தும்?

அளுத்கடை நொத்தாரிசு

நான் சட்டத்தரணியாகவும் நொத்தாரிசாகவும் நீண்ட காலம் கடமையாற்றியவன். வழக்குக் கோப்பைப் பார்க்காமல் சொல்வதால், இதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை அன்பர் சொன்ன வர்த்தமானி முறை தமிழ்நாட்டுக்கு உரியது. அங்கே மாநில அரசிதழில் வெளியிடுகிறார்கள். நம் நாட்டு வழக்கம் வேறு. பெயர் மாற்றிக்கொள்பவர் சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்றை முடித்து, பத்திரிகையில் அறிவித்தல் கொடுப்பார். பிறப்புச் சான்றிதழைப் பற்றி அவர் சொன்னதில் பாதி சரி. ஒருவர் தமக்கு இட்ட பெயரையே, அதாவது "கமலினி" என்பதையே "கமலா" என்று மாற்ற விரும்பினால், 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் பிறப்புப் பதிவில் மாற்றம் செய்ய வேண்டும். பத்திரிகை அறிவித்தலை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. ஆனால் சகோதரியின் இட்ட பெயர் மாறவே இல்லை. அதற்கு முன்னால் நிற்கும் ஆணின் பெயர்தான் அப்பாவிலிருந்து கணவருக்கும், இப்போது கணவரிடமிருந்து மீண்டும் அப்பாவுக்கும் மாறுகிறது. பிறப்புப் பதிவேடு 2009இலும் தொடப்படவில்லை. இப்போதும் அதைத் தொடத் தேவையில்லை.

இப்படிப்பட்ட மாற்றத்தில் ஒவ்வொரு அலுவலரும் தேடுவது, பிறப்புச் சான்றிதழில் உள்ள பெண்ணும் இன்று முன்னால் நிற்கும் பெண்ணும் ஒருவரே என்பதைக் காட்டும் தொடர்பைத்தான். திருமணத்தின்போது அந்தத் தொடர்பை விவாகச் சான்றிதழ் தந்தது. இப்போது பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், முடிவான விவாகரத்துத் தீர்ப்பாணை ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தர முடியும். பத்திரிகை அறிவித்தல் இந்த மூன்றில் எதற்கும் பதிலாகாது. இன்னின்ன பெயர்களால் அறியப்பட்டவர் இனி இந்தப் பெயரால் அறியப்படுவார் என்று ஊருக்குச் சொல்லும் துணைச் சான்று அது. எந்தப் பதிவேட்டையும் அது தானாகத் திருத்தாது.

தீர்ப்பாணை விடயம்தான் உங்கள் இடர்ப்பாட்டின் மூலகாரணம். பொதுச் சட்டத்தின் கீழ் நடக்கும் விவாகரத்து வழக்கில் நீதிமன்றம் முதலில் கொடுப்பது தற்காலிகத் தீர்ப்பாணை. நீதிமன்ற வட்டாரத்தில் அதை டிக்ரி நைசை என்பார்கள். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, ஆகக் குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது டிக்ரி அப்சலூட் என்ற முடிவான தீர்ப்பாணையாக முடியும். மார்ச் 12இல் உங்களுக்குத் தற்காலிகத் தீர்ப்பாணை கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், ஜூன் 12க்கு முன்னர் முடிவான ஆணை வர வழியில்லை. அதுவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் ராகவனின் மனைவியே. நீங்கள் ஏப்ரலில் போனபடியால், திருப்பி அனுப்பியவர்கள் சட்டப்படியே நடந்திருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். மூன்று மாதம் கழிந்தவுடன் ஆணை வீடு தேடி வந்துவிடும் என்று பலர் நினைத்து இருந்துவிடுகிறார்கள். உங்கள் சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் ஒன்றைத் தாக்கல் செய்து வழக்கை அழைப்பித்து, முடிவான ஆணை பதியப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னர் வழக்கு இலக்கத்தைக் கொடுத்து, பதிவறையிலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதிகளை எடுக்க வேண்டும். ஒரு பிரதியோடு நிற்காமல் மூன்று நான்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் மூலப்பிரதியைக் கோப்பிலேயே வைத்துக்கொள்வார்கள்.

பாமன்கடை அக்கா

திருமணம் முடிந்தால் கணவர் பெயருக்கு மாறத்தான் வேண்டுமா என்பதுதான் கேள்வி என்று நினைக்கிறேன். நான் மாறவில்லை. 22 வருடங்களாக அப்பாவின் பெயரோடே இருக்கிறேன். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது விவாகச் சான்றிதழைக் காட்டினேன், ஒருவரும் மறுக்கவில்லை. வெளிநாட்டு விசாவுக்குக் குடும்பமாக விண்ணப்பித்தபோதும் அதே சான்றிதழை இணைத்தேன். ஆகவே மாற்றாமல் இருப்பதே நல்லது, தங்கச்சி.

அளுத்கடை நொத்தாரிசு

சகோதரி கேட்டது அதுவல்ல. அவர் ஏற்கெனவே மாற்றியவர். இருந்தாலும் நீங்கள் சொன்னது உண்மைதான். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் மனைவி கணவரின் பெயரை ஏற்க வேண்டும் என்ற கட்டளை எதுவும் இல்லை. விவாகச் சான்றிதழில்கூட மணமகளின் புதிய பெயர் என்று எதுவும் எழுதப்படுவதில்லை; திருமணத்துக்கு முந்திய பெயர்தான் இருக்கும். அந்தச் சான்றிதழைக் காட்டிக் கணவர் பெயரை ஏற்பது வழக்கத்தின் வழி வந்தது. இளம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

கடற்கரைத்தெரு (வெள்ளவத்தை)

நொத்தாரிசு ஐயா, மிக்க நன்றி. மூன்று மாதக் கணக்கை எனக்கு ஒருவரும் விளக்கவில்லை. இன்னும் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் "கமலினி" மட்டும் இருப்பதால், "சிவலிங்கம்" என்ற பெயரைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மற்றது, சிங்களத்தில் உள்ள தீர்ப்பாணையில் என் பெயர் "கமலனி" என்று வாசிக்கும்படி எழுதப்பட்டிருப்பதாக, சிங்களம் தெரிந்த என் தோழி சொல்கிறாள்.

அளுத்கடை நொத்தாரிசு

இரண்டாவதை முதலில் சொல்கிறேன்; அதுதான் அவசரமானது. கொழும்பில் வழக்காடும் தமிழர்களுக்கு இது அடிக்கடி நேரும். பிறப்புச் சான்றிதழ் தமிழில், வழக்கேடு சிங்களத்தில், கடவுச்சீட்டு ஆங்கிலத்தில் என்று ஒரு பெயர் மூன்று எழுத்து முறைகளுக்குள் போய் வருகிறது. இகரத்துக்குரிய ஒரு சிறு குறி விடுபட்டால் கமலினி கமலனி ஆகிவிடுவார். பிறகு அந்தத் தீர்ப்பாணையைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது, அவர் பிழையையும் நேர்மையாகவே பெயர்ப்பார். அவர் அதைத் திருத்தக் கூடாது. அதன் பின்னர் வேறொரு பெண்ணின் தீர்ப்பாணையைக் கொண்டு வந்திருக்கிறீர்களோ என்ற சந்தேகம் எழும்.

எழுத்துப் பிழைகளைத் திருத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டக்கோவையின் 189ஆம் பிரிவு அதற்குரியது. முடிவான ஆணை பதியப்படுவதற்கு முன்னரே உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லி, வழக்கைத் தொடங்கியபோது தாக்கல் செய்த முறைப்பாட்டுப் பத்திரத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அங்கே சரியாக இருந்து தீர்ப்பாணையில் மட்டும் பிழை என்றால் இலகுவாகத் திருத்தலாம். முறைப்பாட்டிலேயே பிழை இருந்தால், பிறப்புச் சான்றிதழையும் விவாகச் சான்றிதழையும் காட்டி வழக்கின் தலைப்பைத் திருத்த வேண்டிவரும். அதற்குச் சற்றுக் கூடிய நேரம் எடுக்கும்.

முதலாவது பயத்துக்கு வருகிறேன். நம் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால்தான் இந்தக் குழப்பம். படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கூடு இருக்கும். நாம் அதில் அப்பாவின் பெயரை எழுதுகிறோம். உங்கள் விடயத்தில் அதற்கு ஆதாரம் இருக்கிறது. தந்தை சிவலிங்கம் என்று பிறப்புப் பதிவே சொல்கிறது. முதல் அடையாள அட்டையும் அந்தப் பெயரில்தான் வழங்கப்பட்டது. விவாகச் சான்றிதழிலும் அந்தப் பெயர்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் அடையாள அட்டை இலக்கம் மாறவில்லை. பெயர் எத்தனை முறை மாறினாலும் ஆளுக்கு ஒரே இலக்கம்தான். ஆகவே ஆட்பதிவுத் திணைக்களத்தின் பதிவில் அந்த இலக்கத்தின் கீழ் உங்கள் பழைய பெயரும் இருக்கும். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேற்றுச் சான்றிதழையும் இணைத்து விடுங்கள்.

நடைமுறையில், உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் திருத்தத்துக்கான விண்ணப்பத்தை உறுதிப்படுத்தி, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தின் ஆட்பதிவுப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். வெள்ளவத்தை அந்தச் செயலகத்துக்கு உரியது. விண்ணப்பத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெயர் எழுதும் இடத்தில் மிகவும் நிதானமாக எழுதுங்கள். Sivalingam என்று அப்பாவின் பத்திரங்களில் இருந்தால் நீங்களும் அப்படியே எழுத வேண்டும். V இருந்த இடத்தில் w போட்டால், அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் வாழ்நாள் முழுவதும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருக்கும்.

தெஹிவளை வங்கியாளர்

நான் ஒரு வங்கிக் கிளையில் வாடிக்கையாளர் பதிவுகளைக் கையாள்கிறேன். நொத்தாரிசு ஐயா சொன்னதோடு என் பக்கத்தில் காண்பதையும் சேர்க்கிறேன்.

தயவுசெய்து அடையாள அட்டை கையில் வருவதற்கு முன் வங்கிக்கு வராதீர்கள். பத்திரிகை அறிவித்தலைக் காட்டிப் பெயரை மாற்றும்படி கேட்பவர்கள் உண்டு. அறிவித்தலை நாங்கள் கோப்பில் இணைப்போம். ஆனால் செல்லுபடியான அடையாள ஆவணத்தில் உள்ள பெயருக்குத்தான் கணக்கைத் திறக்கவோ திருத்தவோ முடியும். புதிய அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், முடிவான தீர்ப்பாணை மூன்றையும் ஒரே நாளில் கொண்டு வந்தால் வேலை இலகுவாக முடியும்.

பெயரோடு கையொப்பமும் மாறுகிறதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வாருங்கள். "ரா. கமலினி" என்று கையொப்பமிட்டுப் பழகியவர்கள் "சி. கமலினி" என்று மாற்றுகிறார்கள், ஆனால் அடையாள அட்டையில் ஒன்றும் எங்கள் மாதிரிக் கையொப்ப அட்டையில் வேறொன்றும் இருந்தால், காசோலை திரும்புவது அங்கிருந்துதான் தொடங்கும். அடையாள அட்டைக்கு ஒப்பமிடும் நாளிலேயே புதிய கையொப்பத்தைப் போடுங்கள். பிறகு வங்கி, கடவுச்சீட்டு எல்லா இடங்களிலும் அதையே தொடருங்கள்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தில் மிகக் கூடுதலாக நாங்கள் காணும் சிக்கல் வெளிநாட்டுப் பணம் தொடர்பானது. கனடாவில் இருக்கும் தம்பி பழைய பெயருக்கே பணம் அனுப்புவார்; கணக்கில் புதிய பெயர் இருக்கும்; பணம் சில நாட்கள் தங்கி நிற்கும். ஆகவே கணக்கைத் திருத்தும்போது முன்னைய பெயரையும் வாடிக்கையாளர் பதிவில் குறித்து வைக்கும்படி கேளுங்கள். பணம் அனுப்புபவர்களுக்குப் புதிய பெயரை ஆங்கில எழுத்துகளில் அட்டையில் உள்ளபடியே எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் வாயால் சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். உங்களுக்குப் பின் பணத்தைப் பெற நீங்கள் நியமித்த பின்னுரித்தாளரைப் பெயர் மாற்றம் மாற்றாது. நிலையான வைப்பிலும் காப்புறுதியிலும் ஊழியர் சேமலாப நிதியிலும் முன்னாள் கணவரின் பெயர் இருந்தால், அதை நீங்கள் தனியாக எழுதி மாற்றும் வரைக்கும் அது பதிவில் அப்படியே இருக்கும். இந்த ஒன்றை விட்டுவிட்டு, அதனால் பிற்காலத்தில் பிள்ளைகள் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். கூட்டுக் கணக்கு இருந்தால், உங்கள் பெயரைத் திருத்துவதோடு நிற்காமல் அந்தக் கணக்கை முடிப்பதா தொடர்வதா என்று இருவரும் எழுத்தில் தீர்மானிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைவாசி

வர்த்தமானி பற்றி நான் சொன்னது நம் நாட்டுக்குப் பொருந்தாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஏப்ரலில் போட்ட அறிவித்தல் செல்லாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நாளில் அவர் இன்னும் மனைவிதானே? முடிவான ஆணைக்குப் பின்னர் மீண்டும் போட வேண்டும்.

அளுத்கடை நொத்தாரிசு

அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன். மனைவியாக இருக்கும்போதே ஒரு பெண் தந்தையின் பெயரால் அறியப்பட விரும்பினால் அதைச் சட்டம் தடுக்கவில்லை. பாமன்கடை சகோதரியே அதற்கு எடுத்துக்காட்டு. ஆகவே அறிவித்தல் பொய்யாகவில்லை. அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். "விவாகரத்துப் பெற்றமையால்" என்று எழுதியிருந்தால் அது அந்தத் திகதியில் சரியான கூற்றல்ல. அப்படியானால் திரும்பப் போடுவதே நல்லது. காரணம் எழுதாமல் பெயர்களை மட்டும் குறிப்பிட்டிருந்தால் நான் விட்டுவிடுவேன். வேறு சட்டத்தரணிகள் இதில் கூடிய எச்சரிக்கையோடு இருப்பார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன்.

மீண்டும் போடுவதாக இருந்தால், வாசகத்தைச் சுருக்காமல் இப்படி எழுதலாம்: "கொழும்பு 06, இன்ன முகவரியில் வசிப்பவரும், பிறப்புச் சான்றிதழில் கமலினி எனவும், இதுவரை ராகவன் கமலினி எனவும் அறியப்பட்டவருமான நான், இன்று முதல் சிவலிங்கம் கமலினி என்ற பெயரால் அறியப்படுவேன் என இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசின் அரசாங்கத்துக்கும் பொதுமக்களுக்கும் இத்தால் அறிவிக்கிறேன்." பழைய பெயர்கள் அனைத்தும் ஓர் அறிவித்தலிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி. இடையில் ஒரு பெயரை விட்டுவிட்டால், தொடர்பு அந்த இடத்தில் அறுந்துவிடும். அடையாள அட்டை இலக்கத்தைப் பத்திரிகையில் முழுமையாக அச்சிடுவதை நான் விரும்புவதில்லை; அதைச் சத்தியக் கடதாசியில் எழுதினால் போதும். தமிழ் அறிவித்தலோடு ஆங்கில அறிவித்தலும் போட்டால், பெயரின் ஆங்கில எழுத்துகளும் பகிரங்கமாகப் பதியப்பட்டுவிடும். துண்டை வெட்டி வைக்காதீர்கள். பத்திரிகையின் பெயரும் திகதியும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் வைத்திருங்கள்.

கிராண்ட்பாஸ் ஆசிரியை

நான் முஸ்லிம். எங்களில் பெரும்பாலானோர் கணவர் பெயருக்கு மாறுவதில்லை. ஆனால் என் தங்கை வெளிநாட்டுப் பயணத்துக்காகக் கடவுச்சீட்டில் கணவர் பெயரைச் சேர்த்திருந்தார். அவருடைய விவாகரத்து காதி நீதிமன்றத்தில் நடந்தது. அதனால் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பாணை அவரிடம் இல்லை. அதற்குப் பதிலாக விவாகரத்துப் பதிவின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கொடுத்தார். மூன்று மாதக் கணக்கு அங்கே வேறு விதம் என்பதால், எங்கள் பெண்கள் மேலே எழுதியதை அப்படியே தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கமலினியிடம் ஒன்று கேட்க வேண்டும்: உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? என் தங்கைக்கு அந்தப் பகுதியில்தான் கூடிய சிரமம் இருந்தது.

கடற்கரைத்தெரு (வெள்ளவத்தை)

ஒரு மகள் இருக்கிறாள்; பதினொரு வயது. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் என் பெயர் "சிவலிங்கம் கமலினி" என்றே இருக்கிறது. அப்போது பதிவாளர் திருமணத்துக்கு முந்திய பெயரையே கேட்டார். ஆனால் பாடசாலைப் பதிவில் "ராகவன் கமலினி" என்று இருக்கிறது. மகளின் பெயரில் அவளுடைய அப்பாவின் பெயர் இருப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அது அவளுடைய பெயர்.

என் பழைய அறிவித்தலை எடுத்துப் பார்த்தேன். "விவாகரத்துப் பெற்றமையால்" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அளுத்கடை நொத்தாரிசு

அப்படியானால் திரும்பப் போட்டுவிடுங்கள். அந்த ஒரு செலவு பின்னால் பல கேள்விகளைத் தவிர்க்கும்.

மகளின் பிறப்புச் சான்றிதழ் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. நீங்கள் திரும்பிப் போகும் பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்றே. பாடசாலைக்கு ஒரு கடிதமும் புதிய அடையாள அட்டையின் பிரதியும் கொடுத்தால் போதும். மகளுக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போது தந்தையின் சம்மதம் தேவைப்படும். அது பெயரோடு தொடர்பில்லாத வேறு விடயம். பாதுகாப்பும் பயண அனுமதியும் பற்றித் தீர்ப்பில் என்ன இருக்கிறது என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்தக் கடவுச்சீட்டை, புதிய அடையாள அட்டை வந்த பின்னர் பத்தரமுல்லையில் விண்ணப்பியுங்கள். பழைய கடவுச்சீட்டில் காலம் முடியாத விசா இருந்தால் அதைச் சொல்லி, பழைய புத்தகத்தையும் கையில் வைத்துக்கொள்ள வழி கேளுங்கள்; அந்த விசா புதிய பெயருக்குச் செல்லுமா என்பதை அந்தந்த நாட்டுத் தூதரகம்தான் சொல்ல முடியும். இடையில் விமானச் சீட்டு எடுத்துவிடாதீர்கள். சீட்டில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

காணி உறுதி ஏதாவது "ராகவன் கமலினி" என்ற பெயரில் இருந்தால் அதைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. நாளைக்கு விற்கும்போதோ எழுதிக் கொடுக்கும்போதோ, முன்னர் இன்ன பெயரால் அறியப்பட்டவர் என்று நொத்தாரிசு புதிய உறுதியில் குறிப்பிடுவார். அதற்காகத்தான் தீர்ப்பாணையின் ஒரு பிரதியை உறுதியோடு சேர்த்து வைக்கச் சொல்கிறேன். பரீட்சைச் சான்றிதழ்களும் பட்டமும் அப்படித்தான். எந்தப் பெயரில் வழங்கப்பட்டனவோ அந்தப் பெயரிலேயே இருக்கட்டும்.

பாமன்கடை அக்கா

தங்கச்சி, முதலில் கேள்வியைச் சரியாக வாசிக்காமல் எழுதிவிட்டேன். மனதில் வைக்க வேண்டாம். தீர்ப்பாணையின் மொழிபெயர்ப்புக்குத் துணை வேண்டுமென்றால் சொல்லுங்கள். அளுத்கடைக்குப் போகும்போது நானும் வருகிறேன்.

கடற்கரைத்தெரு (வெள்ளவத்தை)

நன்றி அக்கா. இன்று சட்டத்தரணியோடு பேசினேன். முறைப்பாட்டுப் பத்திரத்தில் பெயர் சரியாகவே இருக்கிறது. தீர்ப்பாணையில் மட்டும்தான் பிழை. அதைத் திருத்தவும், மூன்று மாதம் கழிந்ததும் முடிவான ஆணைக்காக வழக்கை அழைப்பிக்கவும் ஒரே நகர்த்தல் பத்திரத்தில் கேட்கப்போவதாகச் சொன்னார். திருத்தம் முதலில் நடக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னால், திகதி இன்னொரு தவணைக்குத் தள்ளிப்போகலாம் என்றும் சொன்னார். அதுவரை புதிய அறிவித்தலின் வாசகத்தை எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவின் ஓய்வூதியப் பத்திரத்தைப் பார்த்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டேன்.